கொல்லிமலை மூலிகை சூப், சூரணம், அரிஷ்டம்... மதுவோடு சேர்ந்தால் கல்லீரலுக்கு என்ன ஆகும்?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் இறங்குவது அபூர்வம். அப்படியே மூட்டு வலிக்கு ஒரு சூரணம், உடம்புக்கு ஒரு டானிக் என்று பையில் சேர்ந்துவிடும். "நைட்டு சரக்கு அடிச்சாலும் காலையில இதைக் குடிச்சா சரியாயிடும்" என்று நம்புகிறவர்களும் உண்டு. இது சரியா?

சூப் மதுவை முறிக்குமா?

முறிக்காது. பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்குதான் முடவாட்டுக்கால். ரோமம் படர்ந்த தோலைச் சீவிவிட்டு, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்க வைத்தால் சூப் ரெடி. சூடான சூப் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான். இரவு குடித்த மதுவைக் கல்லீரல் அதன் வேகத்தில்தான் உடைக்கும். எந்தக் கஷாயமும் அதை அவசரப்படுத்தாது.

சிக்கல் எங்கே?

மது, மாத்திரை, மூலிகை என எதுவாக இருந்தாலும் அதில் பெரும்பகுதியை உடைப்பது கல்லீரல்தான். தினமும் குடிப்பவருக்கு மதுவை உடைக்கும் ஒருவகை நொதி கூடிவிடும். நச்சை அடக்கும் குளூட்டாதயோன் குறைந்துவிடும். அதனால்தான் குடிப்பவருக்கு அளவு மீறிய பாராசிட்டமால் கூடுதல் ஆபத்து. அந்த மருந்துக்கு இது ஆய்வில் தெரிந்த விஷயம். ஆனால், பத்து இலைகள் கலந்த பெயரில்லாத பொடிக்கு மதுவோடு சேர்த்து யாரும் சோதனை செய்து பார்த்ததில்லை. 'இயற்கை' என்பதால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

சீந்தில் சொன்ன பாடம்

கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்பு சக்திக்காகப் பலர் சீந்தில் (கிலோய்) குடித்தார்கள். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் எடுத்த 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அடுத்து இந்தியாவில் 13 மருத்துவமனைகளைச் சேர்த்து நடந்த ஆய்வு 43 பேரைப் பதிவு செய்தது. சிலருக்கு, வெளியே தெரியாமல் இருந்த பழைய கல்லீரல் நோயைச் சீந்தில் கிளப்பிவிட்டிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். சீந்தில் பாதுகாப்பானது, அதுபோலவே இருக்கும் வேறு கொடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது.

இது மது பற்றிய ஆய்வு இல்லை. ஆனால் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பல வருடம் குடித்தவரின் கல்லீரலில் கொழுப்பும் தழும்பும் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கலாம். அவருக்கே அது தெரியாது.

டானிக்கிலேயே ஆல்கஹால்!

அரிஷ்டம், ஆசவம் இரண்டும் புளிக்க வைத்துச் செய்பவை. அதில் தானாக உருவாகும் ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். 10 சதவீதம் என்று வைத்து, 30 மில்லி வீதம் இரண்டு வேளை குடித்தால் 6 மில்லி சுத்த ஆல்கஹால் உள்ளே போகும். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு குவார்ட்டரில் (180 மில்லி) இருப்பது சுமார் 77 மில்லி. ஒப்பிட்டால் டானிக்கில் இருப்பது சின்ன அளவுதான்.

ஆனால், குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்கு அந்தச் சின்ன அளவே போதும்: முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கிவிடலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கும். வீட்டில் அக்கறையோடு அரிஷ்டம் கொடுப்பவர்கள் லேபிளில் ஆல்கஹால் அளவைப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் ஏன் மறைக்கக் கூடாது?

உதாரணமாக, வாரம் நான்கு நாள் குடிக்கும் ஒருவர் முழங்கால் வலிக்கு ஒரு மாதம் சூரணம் சாப்பிடுகிறார். கண் மஞ்சளாகிறது. குடியால் வரும் கல்லீரல் அழற்சியில் பெரும்பாலும் எஸ்ஜிஓடி அளவு எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்கு இருக்கும். இரண்டுமே 300-ஐத் தாண்டுவது குறைவு. ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தொட்டால், மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார். மஞ்சள் காமாலை வைரஸா, மாத்திரையா, மூலிகையா? சூரணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை என்றால், பழி முழுவதும் மது மேல் போகும், சூரணம் தொடரும். கீழாநெல்லியை மட்டும் நம்பி வீட்டிலேயே இருந்தாலும் இதே கதைதான்.

எப்போது உஷார்?

* பசியின்மை, குமட்டல், உடம்பில் அரிப்பு, டீ டிகாஷன் நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சள்: மதுவையும் மூலிகையையும் அன்றே நிறுத்திவிட்டு, கல்லீரல் பரிசோதனை (எல்எஃப்டி) செய்ய வேண்டும்.
* ரத்த வாந்தி, குழப்பமான பேச்சு, வயிறு வீங்குவது: தாமதிக்காமல் 108.
* மருத்துவமனைக்குப் போகும்போது சூரண பாக்கெட்டையும் டானிக் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.
* உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் எதுவும் இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள். நாளைக்குப் பிரச்னை வந்தால், உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது.