ஆலய வருகையை அளந்த மூன்று வினாக்கள்

சமயப்பற்றை அளக்க முற்படும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது ஆலய வருகையையே. விசுவாசத்தின் ஆழத்தையோ ஜெபத்தின் உண்மையையோ எண்ணிக் கணக்கிட இயலாது. ஆனால் ஒருவர் ஆலயத்திற்குச் சென்றாரா இல்லையா என்பது கண்ணால் காணத்தக்க செயல். ஆதலின் இதனைக் கேட்டறிதல் எளிது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்து எவ்வாறு ஆட்டங்கண்டது என்பதை ஐக்கிய அமெரிக்க நாடுகளின் ஆய்வு வரலாறு காட்டுகிறது. ஆய்வேட்டில் முறையியல் அதிகாரம் எழுதும் மாணவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

அந்நாட்டில் மூவகை வினாக்கள் வழங்கிவந்தன. முதலாவது, காலப் நிறுவனம் 1939 முதல் கேட்டுவந்த வினா. கடந்த ஏழு நாள்களில் ஆலயத்திற்கோ யூத ஜெபாலயத்திற்கோ செல்ல நேர்ந்ததா என்று அது வினவும். ‘சென்றீர்களா’ என்னாமல் ‘செல்ல நேர்ந்ததா’ எனக் கேட்பது, ‘இல்லை’ என்று சொல்வோர் கூச்சமின்றிச் சொல்வதற்காகவே. இரண்டாவது, 1972இல் தொடங்கிய பொதுச் சமூக ஆய்வின் வினா. எவ்வளவு அடிக்கடி வழிபாட்டிற்குச் செல்கிறீர்கள் எனக் கேட்டு, ‘ஒருபோதும் இல்லை’ என்பதிலிருந்து ‘வாரத்தில் பலமுறை’ என்பதுவரை ஒன்பது படிகளில் விடையைக் குறிக்கும். மூன்றாவது, நாட்குறிப்பு முறை. இதில் ஆலயம் என்னும் சொல்லே வருவதில்லை. நேற்றைய நாள் முழுவதும் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்பர். வழிபாட்டிற்குச் சென்றிருந்தால் அது பிற செயல்களோடு தானே வெளிப்படும்.

காலப் கணிப்பின்படி, 1960களின் பிற்பகுதி முதல் 1990கள்வரை ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் வாரந்தோறும் ஆலயம் சென்றனர். அவ்வெண் பெரிதும் அசையவே இல்லை. ஐரோப்பாவில் ஆலயங்கள் வெறுமையடைந்தபோதும் அமெரிக்கா விதிவிலக்காக நிற்கிறது என்ற கருத்துக்கு இதுவே முக்கியச் சான்றாயிற்று. ஆனால் அக்காலத்திலேயே பல பெருந்திருச்சபைகளின் உறுப்பினர் தொகை குறைந்துகொண்டிருந்தது. உறுப்பினர் குறைய, வருவோர் மட்டும் குறையாதிருப்பது எவ்வாறு?

இவ்வையத்தைச் சோதிக்க, கிர்க் ஹாடவே, பென்னி மார்லர், மார்க் சேவ்ஸ் என்னும் மூவர் ஒஹையோ மாநிலத்தின் ஆஷ்டபியூலா மாவட்டத்தைத் தேர்ந்தனர். அவர்களுடைய கட்டுரை 1993இல் வெளியாயிற்று. அவர்கள் செய்தது எளிய வேலை, ஆயினும் உழைப்பு மிகுந்த வேலை. தொலைபேசி வழியாக மாவட்டத்தாரிடம் வழக்கமான வினாவைக் கேட்டனர். மறுபுறம், அம்மாவட்டத்துப் புராட்டஸ்டண்டு ஆலயங்கள் அனைத்தையும் கண்டறிய முயன்றனர். பெயர்ப் பட்டியலில் இல்லாத ஆலயங்களைச் சாலை சாலையாகச் சென்று தேடினர். ஒவ்வோர் ஆலயத்திலும் சராசரி வருகையைக் கேட்டுப் பெற்றனர். அது கிடையாத இடங்களில் வழிபாட்டு நேரத்தில் வெளியே நின்ற வாகனங்களை எண்ணி மதிப்பிட்டனர்.

விளைவு யாது? புராட்டஸ்டண்டாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 36 பேர் சென்றதாகக் கூறினர்; எண்ணிக்கையோ நூற்றுக்கு 20 என்றே காட்டிற்று. இதனை ஆட்கணக்கில் பார்த்தால் வேறுபாட்டின் அளவு புலப்படும். மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம்; அதில் மூன்றில் இரு பங்கினர் தம்மைப் புராட்டஸ்டண்டார் என்றனர். சொல்லின்படி ஏறத்தாழ 24,000 பேர் ஆலயங்களில் இருந்திருக்கவேண்டும். இருந்தவர்களோ ஏறத்தாழ 13,000 பேர். ஏறத்தாழ 11,000 பேர் விடையில் இருந்தனர், இருக்கையில் இல்லை. கத்தோலிக்கருக்கு 18 மறைமாவட்டங்களின் தலையெண்ணிக்கையைக் கொண்டு பார்த்தபோதும் நூற்றுக்கு 28 பேரே வந்திருந்தனர். காலப் கணிப்பு 51 என்றது.

இம்முடிவை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. தொலைபேசியில் பேச இசைபவர்களுள் ஆலயம் செல்வோரே மிகுதியாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் பிழை விடையில் அன்று, விடையளிப்போரைத் தேர்ந்தெடுத்த முறையிலேயே உள்ளது என்று ராபர்ட் உட்பெரி வாதிட்டார். மைக்கேல் ஹவுட்டும் ஆண்ட்ரு கிரீலியும் இடைவெளி உண்டு, ஆயினும் அவ்வளவு பெரிதன்று என்றனர். இவை நியாயமான மறுப்புகளே. வாகனங்களை எண்ணுவதிலும் பிழை நேரும். ஒரு வாகனத்தில் எத்தனை பேர் வந்தனர் என்பது ஊகமே.

இவ்விடத்தில்தான் நாட்குறிப்பு முறை துணைக்கு வந்தது. ஸ்டான்லி பிரஸ்ஸர், லிண்டா ஸ்டின்சன் என்னும் இருவர், வேறு நோக்கங்களுக்காகத் தொகுக்கப்பட்டிருந்த நாட்குறிப்புகளில் ஞாயிற்றுக்கிழமைக்குரியவற்றை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டனர். நேரடி வினாவினால் பெற்ற எண்ணைவிட நாட்குறிப்பு எண் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதைவிட முக்கியமானது மற்றொன்று. நாட்குறிப்பின்படி வாராந்தர வருகை 1965இல் நூற்றுக்கு 42ஆக இருந்து, 1994இல் 26ஆகக் குறைந்திருந்தது. நேரடி வினா அசையாத கோட்டைக் காட்டிய அதே ஆண்டுகளில், நாட்குறிப்பு தெளிவான சரிவைக் காட்டிற்று. ஞாயிறு நாட்குறிப்பில் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குச் சென்றோர் விடுபடுவர் என்பது உண்மையே. ஆனால் இத்தனை பெரிய சரிவை அது ஒன்றைக்கொண்டு விளக்க இயலாது.

அப்படியாயின் மக்கள் பொய் சொன்னார்களா? பிலிப் பிரென்னர் 2011இல் வெளியிட்ட ஒப்பாய்வு வேறு வழியைக் காட்டுகிறது. வினா விடைக்கும் நாட்குறிப்புக்கும் உள்ள இடைவெளி வட அமெரிக்காவில் பெரிது. ஐரோப்பிய நாடுகளிலோ சிறிது. ஆலயம் செல்பவர் என்ற பெயரைத் தம் அடையாளமாகப் போற்றுகிறவர்கள், ‘சென்ற வாரம் சென்றீர்களா’ என்ற வினாவை ‘நீர் எத்தகையவர்’ என்ற வினாவாகவே கேட்கின்றனர். வழக்கமாகச் செல்பவர் ஒரு வாரம் தவறினும், ‘ஆம், செல்கிறவன்தான்’ என்று பொருள்பட விடையளித்துவிடுகிறார். ஆகவே அந்த வினாவும் ஒன்றை அளக்கத்தான் செய்கிறது. அது அளப்பது செயலை அன்று, தன்னைப்பற்றிய எண்ணத்தை.

ஒன்பது படிகள் கொண்ட அளவுகோலுக்கும் தனிக் குறை ஒன்று உண்டு. அதில் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0, ‘மாதம் ஒருமுறை’ என்பதற்கு 4, ‘வாரந்தோறும்’ என்பதற்கு 7, ‘வாரத்தில் பலமுறை’ என்பதற்கு 8 என எண்கள் இடப்படுகின்றன. ஒருபோதும் செல்லாத ஒருவரையும் வாரம் இருமுறை செல்லும் ஒருவரையும் சேர்த்துச் சராசரி கண்டால் 4 வரும்; அதாவது மாதம் ஒருமுறை. ஆனால் உண்மையில் அவ்விருவரும் சேர்ந்து வாரத்திற்கு இரு வருகைகள், தலைக்கு வாரம் ஒன்று. படிகளின் வரிசை சரி. படிகளுக்கிடையேயுள்ள தொலைவு சமமன்று. எனவே இத்தகைய விடைகளைச் சராசரியாக்காமல், ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எத்தனை பேர் என்று தருவதே முறை.

முறையியல் அதிகாரத்தில் வினாக்களை ஒப்பிடும் மாணவர், எது சிறந்தது என்று மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு வினாவையும் சொல்லுக்குச் சொல் தருக. அதைக் கேட்டவர் யார் என்பதையும் கூறுக. ஆயர் கேட்டால் வரும் விடையும், பெயரின்றி எழுதித் தரும் தாளில் வரும் விடையும் ஒன்றாயிரா. சபையின் ஆராதனைப் பதிவேட்டில் வருகையோ திருவிருந்து பெற்றோர் தொகையோ குறிக்கப்பட்டிருப்பின், அதே ஞாயிற்றுக்கிழமைகளுக்குரிய விடைகளோடு அதனை ஒப்பிடுக. இரண்டும் வேறுபட்டால், வேறுபாட்டை மறைத்துவிடாமல் அதையும் ஒரு கண்டுபிடிப்பாகப் பதிவு செய்க. பதிவேட்டின் எண் எத்தனை பேர் வந்தனர் என்பதைச் சொல்லும். விடையின் எண் எத்தனை பேர் தம்மை ஆலயத்திற்கு உரியவர்களாக இன்னும் எண்ணுகின்றனர் என்பதைச் சொல்லும். மேய்ப்பருக்கு இவ்விரண்டும் தேவை. ஆனால் இரண்டாவதை முதலாவது என்று கொண்ட சபை, மந்தை சிதறுவதை முப்பது ஆண்டுகள் அறியாமலே இருந்துவிடக்கூடும்.