பொய்ச்சாட்சிகளை வென்ற சோதனை

பனித்திட்டுக் கடற்கரையில் மீன் வாங்குபவர் இன்று போனிலேயே பணம் அனுப்பிவிடுகிறார். இணையத்தில் வங்கிகளின் அடையாளத்தைக் காக்கும் சாவிகளில் பல, இரண்டு மாபெரும் பகா எண்களைப் பெருக்கிச் செய்தவை. அந்தப் பகா எண் ஒவ்வொன்றும் சுமார் 300 இலக்கம் நீளம். அவ்வளவு பெரிய எண்ணை வகுத்து வகுத்துப் பார்த்து அது பகா எண்தான் என்று உறுதிசெய்ய யாராலும் முடியாது. கணினி செய்வது வேறு. தற்செயலாகச் சில எண்களை எடுத்து அவற்றைச் சாட்சி கேட்கிறது. அந்தச் சாட்சி விசாரணை பிரான்ஸில் பிறந்தது. கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவரின் புகழ்பெற்ற எண்ணிடம் தோற்றது. அமெரிக்காவில் திருந்தி, கான்பூர் வரை வந்து சேர்ந்தது.

1640இல் பியர் தெ ஃபெர்மா ஒரு கடிதத்தில் இப்படி எழுதினார்: n பகா எண்ணாக இருந்து, a அதன் மடங்காக இல்லாவிட்டால், a^(n-1)-ஐ n-ஆல் வகுக்க மீதி 1 வரும். இதைத் திருப்பிப் போட்டால் ஒரு சோதனை கிடைக்கிறது. ஏதாவது ஒரு a-ஐ எடுங்கள். மீதி 1 வராவிட்டால் n பகு எண். அதில் சந்தேகமே இல்லை. 1 வந்தால்? பகா எண்ணாக இருக்கலாம், அல்லது அந்த a பொய்ச்சாட்சி சொல்லியிருக்கலாம்.

1910இல் அமெரிக்கரான ராபர்ட் கார்மைக்கேல் விபரீதமான சில பகு எண்களைக் காட்டினார். 561 அவற்றில் மிகச் சிறியது. அதனோடு பொதுக் காரணி இல்லாத எல்லா a-யும் பொய்ச்சாட்சிதான். கார்மைக்கேல் எண்கள் எனப்படும் இந்த வரிசையில் மூன்றாவதாக நிற்பது 1729. டாக்சி எண்ணாக ஹார்டி சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் சட்டென்று அடையாளம் காட்டினாரே, அதே எண்! 1729 = 7 × 13 × 19. ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் குறைத்தால் கிடைக்கும் 6, 12, 18 மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. ஃபெர்மாவின் சோதனையை அது ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். 1 முதல் 1728 வரையிலான எண்களில் 1296, அதாவது சரியாக முக்கால் பங்கு, பொய்ச்சாட்சிகள்.

"அதனால் என்ன, பல தடவை சோதித்தால் மாட்டிக்கொள்ளுமே" என்று தோன்றும். 1729 மாட்டிக்கொள்ளும், அதன் காரணிகள் சிறியவை என்பதால். 7, 13, 19 இவற்றில் ஒன்றின் மடங்கு கைக்கு வந்தால் குட்டு உடைந்துவிடும். காரணி ஒவ்வொன்றும் நூறு இலக்க நீளம் என்றால், ஆயுள் முழுக்க எண்களைப் பொறுக்கினாலும் உண்மைச் சாட்சி கிடைக்காது. ஒவ்வொரு முறையும் உண்மை வெளிவர உறுதியான ஒரு குறைந்தபட்ச வாய்ப்பு இருந்தால்தான் திரும்பச் செய்வதில் பலன் உண்டு.

அந்த உறுதி 1970களில் கிடைத்தது. ராபர்ட் சோலோவேயும் ஃபோல்கர் ஸ்ட்ராஸனும் 1977இல் வெளியிட்ட சோதனையில் பொய்ச்சாட்சிகள் பாதிக்கு மேல் போக முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு கேரி மில்லர் இன்னொரு சோதனையைத் தந்திருந்தார். அதில் தற்செயலுக்கு இடமில்லை, ஆனால் ரீமான் கருதுகோளின் விரிந்த வடிவம் உண்மையாக இருந்தால்தான் அது செல்லும். மைக்கேல் ராபின் மில்லரின் கணக்கை எடுத்துக்கொண்டு, நிரூபணமாகாத கருதுகோளை விட்டுவிட்டு, a-ஐத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் மில்லர்–ராபின் சோதனை.

1729-ஐ அதில் நிறுத்திப் பார்ப்போம். 1728-ஐ 2-ஆல் ஆறு முறை வகுக்கலாம், 27 மிஞ்சும். a = 2 என்று எடுத்தால், 2^27-ஐ 1729-ஆல் வகுக்கும்போது மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால் மீதி 1065. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் மீதி 1. இங்கேதான் எண் பிடிபடுகிறது. பகா எண்ணாக இருந்தால் 1 வருவதற்கு முந்தைய மீதி 1 ஆகவோ 1728 ஆகவோதான் இருக்க முடியும். 1065 அங்கே வர வழியே இல்லை. காரணிகளும் கூடவே வெளிவருகின்றன: 1064 என்பது 7 × 19-இன் மடங்கு, 1066 என்பது 13-இன் மடங்கு. இந்தச் சோதனையில் 1729-க்கு 162 பொய்ச்சாட்சிகளே மிச்சம்; பத்தில் ஒன்றுகூட இல்லை.

எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணுக்கும் பொய்ச்சாட்சிகள் கால் பங்கைத் தாண்டாது என்று ராபின் நிறுவினார். தனித்தனியாக, தற்செயலாக 10 முறை சோதித்தால் ஒரு பகு எண் தப்பிப்பதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு. 20 முறை என்றால் லட்சம் கோடியில் ஒன்றைவிடக் குறைவு.

இப்படிப்பட்ட சோதனைகளை 1977இல் ஜான் கில் வகைப்படுத்தினார். மில்லர்–ராபினில் பிழை ஒரு பக்கம் மட்டுமே: "பகு எண்" என்ற விடை ஒருபோதும் பொய்க்காது, "பகா எண்" என்பதுதான் பொய்க்கலாம். ஆம் என்ற விடை என்றும் பொய்க்காத கேள்விகளின் வகுப்பை இன்று ஆர்.பி. என்கிறார்கள், "இது பகு எண்ணா?" அதில் சேரும். பிழை இரண்டு பக்கமும் வரக்கூடியது பி.பி.பி.

திரும்பச் செய்யும்போது இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஒரு முறைக்குப் பிழை மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கப் பிழையில் உண்மையான ஒரே சாட்சி போதும். மூன்று முறையும் ஏமாந்தால்தான் தவறு, அதற்கு வாய்ப்பு 27-இல் 1. இரு பக்கப் பிழையில் எந்த விடையையும் தனியாக நம்ப முடியாது, பெரும்பான்மையைத்தான் பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு விடைகள் தவறினாலே போச்சு. அதற்கு வாய்ப்பு 27-இல் 7. பிழையைப் பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே இறக்க முதல் வகைக்கு 13 முறை போதும். இரண்டாவதற்கு 251 முறை என்றால் நிச்சயம் போதும். எண்ணிக்கை கூடினாலும் அதுவும் எட்டக்கூடியதுதான். விடை சரியாக வரும் வாய்ப்பு பாதியை வெறும் மயிரிழையில் தாண்டினால் நிலைமை வேறு. அப்போது எத்தனை முறை கேட்டாலும் தீராது. கில் அதைத் தனி வகுப்பாகவே பிரித்துவைத்தார்.

இந்தக் கணக்கெல்லாம் a-ஐ உண்மையிலேயே தற்செயலாக எடுத்தால்தான் செல்லும். வேகத்துக்காகச் சில மென்பொருள்கள் 2, 3, 5, 7 என்று நிலையான பட்டியலை வைத்துக்கொண்டன. 1995இல் பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சுவா ஆர்னோ 397 இலக்கம் கொண்ட ஒரு கார்மைக்கேல் எண்ணைக் கட்டிக் காட்டினார். 307-க்குக் கீழே உள்ள எந்த எண்ணைக் கேட்டாலும் அது பகா எண் என்றே மில்லர்–ராபினில் தேறும். யாரை விசாரிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் சாட்சிகளைத் தயார்செய்துவிடலாம்.

1999இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் சோமநாத் பிஸ்வாஸும் வேறு வழியில் வந்தார்கள். n பகா எண்ணாக இருந்தால் (1+x)^n-ம் 1+x^n-ம் n-ஐப் பொறுத்தவரை ஒன்றே. அந்தச் சமத்துவத்தைத் தற்செயலாக எடுத்த ஒரு பல்லுறுப்புக்கோவையால் வகுத்துச் சோதித்தார்கள். அதுவும் ஒரு பக்கப் பிழைதான். 2002 ஆகஸ்டில் அகர்வால், மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோருடன் சேர்ந்து, தற்செயலே தேவையில்லாதபடி அதை மாற்றினார். சில நூறு ஆண்டுப் பழைய கேள்விக்குப் பிழையே இல்லாத, வேகமான விடை வந்தது.

ஆனாலும் சாவி செய்யும் கணினிகள் இன்றும் மில்லர்–ராபினைத்தான் ஓட்டுகின்றன. நடைமுறையில் அது பல மடங்கு வேகமானது. கான்பூர் முறைக்கு வித்தான கேள்வியின் பொது வடிவமும் அப்படியே இருக்கிறது: சுருக்கமாக எழுதப்பட்ட இரண்டு பல்லுறுப்புக்கோவைகள் ஒன்றேதானா? தற்செயலான எண்களைப் போட்டுச் சோதித்தால் நொடியில் தெரிந்துவிடும். தற்செயல் இல்லாமல் அதே வேகத்தில் சொல்லும் வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.