சமையல் ஒப்பந்தத் துண்டறிக்கை வாசகம்

தமிழ்நாட்டில் திருமணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா ஆகியவற்றுக்குச் சமைத்துப் பரிமாறும் ஒப்பந்தக்காரர்கள் தம் துண்டறிக்கைகளில் அச்சிடும் உறுதிமொழி இது. உணவு சுவையாகவும் சுகாதாரமாகவும் இருக்கும், குறித்த நேரத்தில் பரிமாறப்படும் என்ற மூன்றும் பெரும்பாலும் ஒரே வரியில் வரும். இத்தகைய தாள்களை எவரும் சேர்த்துவைப்பதில்லையாதலால், வாசகம் எப்போது நிலைபெற்றது என்பதை உறுதியாகக் கூற இயலாது; உணவு விடுதிகளின் பெயர்ப்பலகைகளிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

பழைய முறையில் சமையற்காரர் மளிகைப் பட்டியல் எழுதித் தருவார். பொருளை வீட்டாரே வாங்கி, பாத்திரங்களை வாடகைக்கு எடுத்து, அவருக்குக் கூலி மட்டும் கொடுப்பர். அரிசியும் எண்ணெயும் வீட்டாருடையவை என்பதால் அவற்றின் தரத்துக்குச் சமையற்காரர் பொறுப்பாகவில்லை. அவருடைய கைமணம் ஊரறிந்ததாக இருந்தமையால் அச்சிட்ட வாக்குறுதிக்கும் தேவை எழவில்லை.

பொருள், ஆள், பாத்திரம், பரிமாறல் எல்லாவற்றையும் ஒருவரே ஏற்று, இலை ஒன்றுக்கு இவ்வளவு என விலை பேசும் இலைக்கணக்கு முறை பரவியபோது இந்நிலை மாறியது. எத்தனை பேர் உண்டனர் என்பதை விரித்த இலைகளைக் கொண்டு கணக்கிடுவதும், முன்பே ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு எப்படியும் பணம் தருவதும் இம்முறையின் கூறுகள். முன்பின் அறியாத ஒருவரிடம் பொருள் வாங்கும் பொறுப்பையும் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், சுகாதாரம் குறித்த சொல் துண்டறிக்கையில் அவசியமாயிற்று.

மூன்றில் எளிதில் அளந்தறியத்தக்கது நேரமே. 600 பேர் வரும் திருமணத்தில் உணவுக்கூடம் 150 பேரைக் கொள்ளுமானால் நான்கு பந்திகள் வேண்டும். உண்ணவும், இலை எடுத்து மேசை துடைத்து மறுபடி இலை போடவும் பந்திக்கு 40 நிமிடம் எனக் கொண்டால், 11 மணிக்குத் தொடங்கும் சாப்பாடு 1.40க்கு முடியும். முதற்பந்தி அரைமணி தாமதித்தால் கடைசிப் பந்தி 2.10க்குத்தான் எழும், 3 மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டியவர்களுக்குப் பாத்திரம் கழுவி ஏற்றவும் போதிய நேரமிராது. தேர்ந்த ஒப்பந்தக்காரர் சோற்றை மொத்தமாக வடித்து வைக்காமல், பந்திக்குப் பந்தி ஒரு வடிப்பாகப் பிரித்துக்கொள்வார். கடைசிப் பந்தியில் அமர்பவரின் இலையிலும் ஆவி பறப்பது இத்தொழிலின் மிக அழகிய தேர்ச்சியாகும்.

நேரமும் சுகாதாரமும் தொடர்புடையவை. சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கி நெடுநேரம் நின்றால் கிருமிகள் பெருகும். தேங்காய் சேர்ந்த அவியலும் சட்னியும் வெயிற்காலத்தில் விரைவில் புளித்து, நுரைத்து, வாடை மாறும்.

சுகாதார வாக்குறுதிக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ், உணவுத் தொழில் செய்வோருக்கான உரிமம், பதிவு ஆகியவற்றுக்கான விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. 14 இலக்க உரிம எண்ணை விலைச்சீட்டில் குறிப்பது 2022 சனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.