தாங்குமுனை அருகே பீமில் சாய்விரிசல்

கான்கிரீட் பீம் தூணில் அமரும் இடத்துக்கு அருகே, கீழ்விளிம்பில் தொடங்கி நடுப்பகுதியை நோக்கி ஏறத்தாழ 45 பாகையில் மேலேறும் விரிசல் இது. வெட்டுவிசை கான்கிரீட்டின் தாங்குதிறனை மீறியதன் அடையாளமாகவே இதைப் பொதுவாகக் கொள்வர். சென்னையின் சாத்தாங்காடு இரும்புச் சந்தை போன்ற இடங்களில், தளத்தின் மேல் எஃகுச் சரக்கை அடுக்கும் கிடங்குகளில் இதைத் தனிக் கவனத்தோடு தேட வேண்டும்.

ஆய்வில் முதல் வேலை பூச்சைக் கொத்திப் பார்ப்பது. விரிசல் பூச்சோடு நின்றால் கவலையில்லை. கம்பியின் நீளத்தை ஒட்டிப் படுக்கையாக ஓடி, துருக்கறையும் காட்டினால் அது கடற்காற்று தந்த அரிப்பு. பீமின் நடுவில் செங்குத்தாக எழுவது வளைவு விரிசல். இரு பக்கங்களிலும் எதிரெதிராகச் சாய்ந்தால் முறுக்கம். இரு பக்கத்திலும் ஒரே சாய்வில், பாதி ஆழத்தில் அகன்று இருந்தால் ஐயமில்லை, வெட்டுவிசைதான்.

காரணம் பெரும்பாலும் ரிங்கில்தான் இருக்கும். 230 மி.மீ. அகலம், 410 மி.மீ. பயனுறு ஆழம், எம்20 கான்கிரீட், அரை விழுக்காடு கம்பி கொண்ட பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ். 456 முறைப்படி கான்கிரீட் மட்டும் சுமார் 45 கிலோநியூட்டன் தாங்கும். 8 மி.மீ. இருகால் ரிங்கை 150 மி.மீ. இடைவெளியில் கட்டினால் மேலும் 99 கிடைக்கும், மொத்தம் 144. வரைபடத்தில் தூணருகே 150, நடுவில் 300 என்றிருக்க, கம்பி கட்டுபவர் எங்கும் 300 வைத்துவிட்டால் மொத்தம் 95 ஆகச் சுருங்கும். நெறிமுறை அனுமதிக்கும் உச்ச இடைவெளிக்குள்தான் இது இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வலிமை போய்விட்டது. ரிங் எங்கே இருக்கிறது என்பதைக் கம்பி அறிகருவி சில நிமிடங்களில் காட்டிவிடும்.

வளைவில் தோற்கும் பீம் தொய்ந்து எச்சரிக்கும். வெட்டுவிசையில் தோற்பது திடீரென முறியும். 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஷெல்பி விமானப்படைக் கிடங்கின் கூரை இப்படித்தான் இடிந்தது. முறிந்த இடத்தில் ரிங் இல்லை. சுருக்கமும் வெப்பமாற்றமும் தந்த இழுவிசை கான்கிரீட்டை மேலும் பலவீனப்படுத்தியிருந்தது. அப்போது கூரை மேல் கூடுதல் பாரம் ஏதுமில்லை.

ஆகவே விரிசல் 0.3 மி.மீ.யைத் தாண்டினாலோ, முனையில் பென்சிலால் குறித்த தேதிக்கோட்டைக் கடந்து வளர்ந்தாலோ, விளிம்புகள் படிபோல் விலகினாலோ அன்றே ஆட்களை வெளியேற்றிச் சரக்கை இறக்க வேண்டும். ஜாக்கி முட்டுகளை ஒரு தளத்தில் நிறுத்திவிடாமல் தரைவரை கொண்டுசெல்ல வேண்டும். மயிரிழை விரிசலானாலும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லும்வரை புதிய சுமை ஏற்றக்கூடாது. எபாக்சி நிரப்பி வண்ணம் பூசினால் விரிசல் மறையும். இல்லாத ரிங் வந்துவிடாது.