இணையவழிப் பாடநெறி: எத்தனை பேர் சேர்ந்தால் போட்ட காசு திரும்பும்?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களிலும் பிரத்தியேக வகுப்புகள் சூம் திரைக்கு மாறின. பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்னரும் அந்தப் பழக்கம் முற்றாக மறையவில்லை. பாடங்களைப் பதிவுசெய்து இணையத்தில் விற்கலாம் என்ற எண்ணம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. ஆனால் அதற்கான முதல் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். போரிலும் சுனாமியிலும் சேமிப்பை இழந்த குடும்பங்களில் அந்த முதல் பெரும்பாலும் மனைவியின் நகை, அல்லது கைமாற்று. ஆகவே கமராவைத் தேடுவதற்கு முன் கணக்கைப் போட வேண்டும்.

இங்கே ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கானவை. உங்கள் ஊர் விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்முனையில் உயர்தரக் கணக்கீடு கற்பிக்கும் ஓர் ஆசிரியர், 20 நிமிடம் கொண்ட 24 பாடங்களை, அதாவது 8 மணித்தியாலப் பாடநெறியைத் தயாரிக்கிறார் என்று கொள்வோம்.

முதலில் தயாரிப்புச் செலவு. ஒலிவாங்கி, விளக்கு, கைபேசித் தாங்கி ஆகியவற்றுக்கு 25,000 ரூபா. வீடியோவைத் தொகுப்பவருக்குப் பாடம் ஒன்றுக்கு 2,500 வீதம் 60,000. குறிப்புப் புத்தக வடிவமைப்புக்கு 10,000. பெரும்பாலானோர் விட்டுவிடும் செலவு ஒன்றும் உண்டு: ஆசிரியரின் சொந்த நேரம். ஒரு பாடத்துக்கு ஆயத்தமும் பதிவுமாக 3 மணித்தியாலம் என்றால், 24 பாடங்களுக்கு 72 மணித்தியாலம். மணிக்கு 500 ரூபா என்று குறைவாக மதித்தாலும் 36,000. ஆகத் தயாரிப்புக்கு 131,000 ரூபா.

இரண்டாவது தளக் கட்டணம். மாணவர் உள்நுழைந்து பாடம் பார்க்கும் தளத்துக்கு மாதம் 30 டொலர் என்று வைப்போம். டொலர் 300 ரூபா என்றால் ஆறு மாதங்களுக்கு 54,000. இந்த வரியில்தான் நம் நாட்டுக்கே உரிய ஆபத்து இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவானது. அதே 30 டொலர் 6,000 ரூபாவிலிருந்து 10,800 ரூபாவாகியது. மாணவரிடம் வாங்கும் கட்டணமோ ரூபாவில். அதை இடைநடுவில் உயர்த்த முடியாது. ஆகவே டொலர் செலவைக் கணக்கிடும்போது அன்றைய விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பார்த்து, அப்போதும் தாங்குமா என்று சரிபாருங்கள்.

விளம்பரத்துக்கு 15,000 ரூபா சேர்த்தால் மொத்தம் 200,000. ஒருவர் சேர்ந்தாலும் நூறு பேர் சேர்ந்தாலும் இந்தச் செலவு மாறாது.

அடுத்தது ஒவ்வொரு மாணவருக்குமான செலவு. கட்டணம் 3,500 ரூபா. இணையவழிக் கொடுப்பனவு நிறுவனம் நூற்றுக்கு 4 வீதம் எடுத்தால் 140 ரூபா. அச்சிட்ட குறிப்புக்கும் கூரியருக்கும் 860. ஆசிரியர் கையில் மிஞ்சுவது 2,500. இப்போது 200,000ஐ 2,500ஆல் வகுத்தால் 80 வரும். கட்டணம் செலுத்திய 80 மாணவர் சேரும் வரை இலாபம் இல்லை. வறிய பிள்ளைகள் பத்துப் பேரை இலவசமாகச் சேர்த்தால், அவர்களுக்கான அச்சுக்கும் கூரியருக்கும் 8,600 ரூபா போகும். அதை ஈடுசெய்யக் கட்டணம் செலுத்துவோர் இன்னும் 4 பேர் வேண்டும். அந்த உதவியைச் செய்யலாம். ஆனால் அது கணக்கில் தெரியவேண்டும், வரவில் எண்ணப்படக்கூடாது.

இனி முக்கியமான கேள்வி: 80 பேர் வருவார்களா? வாட்ஸ்அப் குழுவில் 600 பேர் இருக்கிறார்கள் என்பது இதற்குப் பதில் அல்ல. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்கள் இணையத்தில் இலவசமாக நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடநெறியில் சுமார் 160,000 பேர் பதிவுசெய்தனர். முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். இலவசமாகவே ஏழில் ஆறு பேர் இடையில் நின்றுவிட்டால், காசு கட்டவேண்டிய இடத்தில் பெயர் கொடுப்பதை மட்டும் நம்பமுடியாது. நமது உதாரணத்தில் இலவச அறிமுக வகுப்புக்கு 600 பேரில் 100 பேர் வந்து, அவர்களில் 30 பேர் கட்டணம் செலுத்துகிறார்கள் என்று கொள்வோம். வரவு 75,000. நட்டம் 125,000. பாடம் நன்றாக இருந்தும் நகை மீளாது.

இதே 30 பேரை வைத்துக்கொண்டு கணக்கைத் திருப்பிப் போடலாம். 24 பாடங்களுக்குப் பதிலாக, மாணவர் அதிகம் தடுமாறும் ஓர் அலகை மட்டும் 6 பாடங்களாகப் பதிவுசெய்யுங்கள். நான்கு வாரங்களுக்கு வாரம் ஒரு நேரடிச் சந்தேக வகுப்பு வையுங்கள். வீடியோ தொகுப்புக்கு 15,000, ஒலிவாங்கிக்கு 4,000, உங்கள் 22 மணித்தியாலத்துக்கு 11,000, ஒரு மாதச் சூம் கட்டணத்துக்கு 5,000, விளம்பரத்துக்கு 3,000. மொத்தம் 38,000 ரூபா. சூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்பதால்தான் அந்த 5,000. பதிவுகளை யூரியூப்பில் பொதுப் பட்டியலில் வராதபடி வைத்து இணைப்பை மட்டும் கொடுக்கலாம். குறிப்பைக் கைபேசிக்கே அனுப்பலாம். கட்டணம் 2,000, சில்லறைச் செலவு 100 போக மிஞ்சுவது 1,900. 20 பேர் போதும். 30 பேர் சேர்ந்தால் 19,000 மிஞ்சும். அது அடுத்த 6 பாடங்களின் செலவில் பாதி.

இந்த மலிவு வழிக்கும் குறை உண்டு. யூரியூப் இணைப்பு கையில் இருக்கும் எவரும் பாடத்தைப் பார்க்கலாம். ஒருவர் காசு கட்டி நான்கு பேர் பார்ப்பது நடக்கும். நேரடிச் சந்தேக வகுப்பும் விடைத்தாள் திருத்தமும் கட்டியவருக்கு மட்டும் என்று வைத்தால் இழப்பு குறையும். மாணவரின் டேட்டா செலவையும் நினையுங்கள். 480 தரத்தில் ஒரு மணித்தியால வீடியோவுக்கு ஏறத்தாழ அரை கிகாபைட் போகும். 1080 தரத்தில் அதைப்போல் பல மடங்கு. கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரிந்தால் போதும் என்பதால் விலையுயர்ந்த கமராவும் தேவையில்லை. ஒலி இரைச்சலாக இருந்தால்தான் மாணவர் விலகுவர்.

வெளிநாட்டு உறவுகளின் பிள்ளைகளையும் எண்ணிக்கையில் சேர்ப்பவர்கள் காசு எவ்வழியால் வரும் என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இலங்கையில் பேபால் கணக்கால் பணம் அனுப்ப முடிந்தாலும் பெற முடியாத நிலையே நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. வங்கி வழியாகவோ, ஊரில் உள்ள உறவினர் மூலமோ செலுத்த ஒழுங்கு இல்லாவிட்டால் அவர்களை எண்ணாதீர்கள்.

கடைசியாக, வேலையின் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் இலவச அறிமுக வகுப்பு, பிறகு 500 ரூபா முற்பணம், அதன் பிறகே பதிவு. குறித்த திகதிக்குள் 20 பேர் முற்பணம் கட்டாவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்போது இழப்பது விளம்பரக் காசு 3,000 ரூபாவும் ஒரு மாலை நேரமும் மட்டுமே. நகை வீட்டிலேயே இருக்கும்.