தவணைக் கொள்முதல் கணக்கு

தவணைக் கொள்முதலில் வாங்குபவரின் ஏட்டில் சொத்தாக ஏறவேண்டியது ரொக்க விலை மட்டுமே. அதற்கு மேல் கட்டுவது வட்டி. அந்தந்த ஆண்டின் செலவு.

வெள்ளானூரில் ஒரு பட்டறை ₹3,00,000 ரொக்க விலையுள்ள லேத் எந்திரத்தை ₹60,000 முன்பணம் கட்டி எடுக்கிறது என்று கொள்வோம். பாக்கி ₹2,40,000; வட்டி ஆண்டுக்கு 10%. முதல் ஆண்டு முடிவில் கட்டும் ₹1,00,000 தவணையில் ₹24,000 வட்டி, மீதி ₹76,000 அசல். இப்போது பாக்கி ₹1,64,000. இரண்டாம் தவணையும் ₹1,00,000தான். ஆனால் வட்டி ₹16,400 ஆகக் குறைகிறது. மூன்றாம் ஆண்டு பாக்கி ₹80,400, வட்டி ₹8,040. இரண்டையும் சேர்த்து ₹88,440 கட்டினால் கடன் தீர்ந்தது.

ஆண்டுதோறும் வட்டிக் கணக்கைப் பற்று வைத்து, விற்றவர் கணக்கை வரவு வைக்க வேண்டும். தவணை கட்டியதும் விற்றவர் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு.

பலர் கட்டிய மொத்தத் தொகையான ₹3,48,440ஐயும் எந்திரத்தின் விலையாக எழுதிவிடுகிறார்கள். அப்போது தேய்மானம் ஊதிப்போகும், லாபம் தவறாகத் தெரியும். தேய்மானம் ₹3,00,000 மீதே கணக்கிடப்படும்.