தமிழ் உரை இயல்பாக்கம்: கண்டி வட்டார ஊர்ப்பெயர்கள்

தமிழ் உரை இயல்பாக்கம் என்பது, இணையப் பக்கங்களிலிருந்து திரட்டிய உரையில் ஒரே சொல் வெவ்வேறு விதமாகத் தட்டச்சாகியிருந்தாலும், தேடும்போது அவை ஒன்றோடொன்று பொருந்தும்படி பொது வடிவம் ஒன்றுக்குக் கொண்டுவரும் வேலை. கணினி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒருங்குறி தந்திருக்கும் எண்களின் வரிசையைத்தான் ஒப்பிடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களின் எண்வரிசை வேறுபட்டால், தேடுபவருக்கு ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கிடைக்காதது இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவராது.

கண்டியும் அதன் சுற்றுப்புறமும் இந்தச் சிக்கலின் எல்லா வகைகளையும் ஒரே இடத்தில் காட்டுகின்றன. ஊர்ப்பெயர்களில் பல சிங்களத்திலிருந்து வந்தவை. தமிழில் அவற்றுக்கு இரண்டு மூன்று எழுத்து வழக்குகள் உண்டு. பக்கங்களில் சிங்களமும் தமிழும் அடுத்தடுத்து நிற்கும். பழைய பக்கங்களும் ஆவணங்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை.

ஒரே உருவம், வேறு எண்கள்

கட்டுகஸ்தோட்டை என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். வாசிப்பவருக்கு அது எட்டு எழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் இருப்பதால் அது 14 எண்களாகச் சேமிக்கப்படுகிறது. நடுவிலுள்ள ‘தோ’வை மட்டும் இரண்டு வழிகளில் எழுத முடியும். ஓகாரக் குறி ஒரே எண்ணாக வரலாம்; அல்லது இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியே வரலாம். இரண்டாம் வழியில் பெயர் 15 எண்களாகிவிடும்.

```
தோ = U+0BA4 U+0BCB
தோ = U+0BA4 U+0BC7 U+0BBE
```

திரையில் இரண்டும் ஒன்றே. இவை சமமானவை என்று ஒருங்குறியே வரையறுத்திருப்பதால், NFC என்ற பொது இயல்பாக்கம் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. பலர் இத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் NFC தொடாமல் விடும் பிழைகள்தான் தமிழ்ப் பக்கங்களில் தொல்லை தருபவை.

கண்டி பற்றிய உரையில் ‘பௌத்த’, ‘பௌர்ணமி’ என்ற சொற்கள் அடிக்கடி வரும். ஔகாரக் குறியின் வலப்பக்கம் ‘ள’ போலவே இருப்பதால், ஒற்றைக்கொம்பையும் ‘ள’ என்ற மெய்யான எழுத்தையும் தட்டி ‘பெளத்த’ என்று எழுதுவோர் ஏராளம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒருங்குறிக்கோ அது வேறு சொல்; NFC அதை மாற்றாது. இதற்குத் தனி விதி வேண்டும்: ஒற்றைக்கொம்பை அடுத்து ‘ள’ வந்து, அந்த ‘ள’வுக்குப் பின் குறியோ புள்ளியோ இல்லாமல் நேராக இன்னொரு மெய்யெழுத்து வந்தால், அது ஔகாரக் குறி. வெள்ளம், தெளிவு போன்ற சொற்களில் ‘ள’வை அடுத்துப் புள்ளியோ குறியோ வருவதால் விதி அவற்றைத் தொடாது. பேச்சு வழக்கை அப்படியே எழுதும் உரையில் மட்டும் விதி இடறும்: ‘வெளக்கு’, ‘வெளங்கல’ ஆகியவற்றில் உள்ள ‘ள’ உண்மையான எழுத்துத்தான். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒள’ என்று தொடங்கும் சொற்களுக்கும் இதே போன்ற விதி தேவை.

ஸ்ரீ இன்னொன்று. ஸ்ரீ தலதா மாளிகை, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று கண்டியின் வரலாறு முழுவதும் இந்த எழுத்து வரும். 2005இல் வெளியான ஒருங்குறி 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து U+0BB6 என்ற எண்ணில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் ஸ்ரீயை ஸகரத்தைக் கொண்டே எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டும். NFC இவற்றை ஒன்றாக்காது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து மற்றதை அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

புலப்படாத குறிகள்

திரட்டிய உரையில் திரைக்கு வராத எண்களும் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்துகள் இணையாமல் தடுக்கும் U+200C, இணைக்கும் U+200D, சொல்லை வரி இறுதியில் உடைக்க உதவும் U+00AD ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. தமிழ்த் தேடலுக்கு இவை எதுவும் தேவையில்லை, நீக்கிவிடலாம். நீக்குவதை NFCக்கு முன்பே செய்ய வேண்டும். கொம்புக்கும் காலுக்கும் நடுவே இப்படி ஒரு குறி நின்றால் NFC அவற்றைச் சேர்க்காது. பின்னர் குறியை நீக்கினாலும் ‘தோ’ பிரிந்த வடிவிலேயே தங்கிவிடும்.

இலங்கைப் பக்கங்களில் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சிங்களத்தில் ஸ்ரீயை எழுதவே U+200D தேவை. பக்கம் முழுவதிலும் அதைத் துடைத்தெறிந்தால் தமிழ் சீராகும், பக்கத்தில் உள்ள சிங்களம் சிதையும். ஆகவே உரையை எழுத்துமுறைப்படி பிரித்து, U+0B80 முதல் U+0BFF வரையிலான தமிழ்ப் பகுதிகளில் மட்டும் நீக்கம் நடக்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் முக்கியமானவற்றைப் பைத்தான் மொழியில் இப்படிச் சுருக்கமாக எழுதலாம். தமிழ்ப் பகுதி ஏற்கெனவே பிரிக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளப்படுகிறது.

```python
import re, unicodedata

def thedal(s):
    s = re.sub("[\u00ad\u200b-\u200d\ufeff]", "", s)
    s = unicodedata.normalize("NFC", s)
    s = s.replace("\u0bb6\u0bcd\u0bb0\u0bc0",
                  "\u0bb8\u0bcd\u0bb0\u0bc0")
    s = re.sub("\u0bc6\u0bb3(?=[\u0b95-\u0bb9])",
               "\u0bcc", s)
    return s
```

இந்தச் செயலி தரும் வடிவம் தேடலுக்கு மட்டுமே உரியது. மூல உரையை அதைக் கொண்டு அழித்து எழுதக் கூடாது. தேடுபவர் தட்டிய சொல்லும் சுட்டியில் உள்ள சொல்லும் ஒரே செயலி வழியாகச் செல்வதால், ‘வெளக்கு’ போன்ற சொல் தவறாக மாறினாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி மாறி, பொருத்தம் கெடாது. மூல உரை பத்திரமாக இருந்தால் விதியைப் பின்னர் திருத்திச் சுட்டியை மறுபடி கட்டலாம். அழித்து எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பாமினியிலிருந்து வரும் உரை

ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் இலங்கையில் பெரிதும் புழங்கியது பாமினி. அதில் தட்டச்சான கண்டி, எழுத்துரு இல்லாத கணினியில் `fz;b` என்று நிற்கும். பேராதனை `Nguhjid` என்று நிற்கும். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் அது பாமினியாக இருக்க வாய்ப்பு அதிகம். பாமினியில் அரைப்புள்ளியே புள்ளி.

பாமினி, குறிகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும். ஒருங்குறியிலோ உச்சரிப்பு வரிசைப்படி கொம்பு எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் எளிய கருவி `Nguhjid` என்பதை ‘ேபராதைன’ என்று தந்துவிடும். சொல் உயிர்க்குறியில் தொடங்குவதால் இந்தப் பிழையை எளிதில் பிடிக்கலாம். கம்பளைக்கு அந்த வசதி இல்லை. அது ‘கம்பைள’ ஆகிறது. எல்லாக் குறிகளும் ஏதோ ஓர் எழுத்தின்மேல் ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன. எந்த இலக்கண விதியும் அதைப் பிழை என்று சொல்லாது.

அதனால் சொல்லுக்குச் சொல் திருத்த முனையாமல், பக்கம் முழுவதையும் ஒன்றாக வைத்து முடிவெடுக்க வேண்டும். உயிர்க்குறியில் தொடங்கும் சொற்கள் ஒரு பக்கத்தில் வரிசையாக வந்தால், பக்கம் முழுவதும் பிழையான வரிசையில் இருக்கிறது என்று கொண்டு மூலத்திலிருந்தே மறுபடி மாற்றுவது சரியான வழி. மாற்றும்போது கொம்பு, எழுத்து, கால் மூன்றும் சேர்ந்து வரும் இடங்களை முதலில் கவனிக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’ என்பது கொம்பும் காலும் பிரிந்த இரண்டு துண்டுகளாகிவிடும்.

எழுத்து வேறுபடும்போது

குறிகள் சீரான பிறகும் சொற்கள் பொருந்தாமல் போகலாம். மிகச் சாதாரணமான காரணம் சந்தி. ‘பேராதனை பல்கலைக்கழகம்’ என்று சிலரும் ‘பேராதனைப் பல்கலைக்கழகம்’ என்று சிலரும் எழுதுகிறார்கள். சொல்லின் இறுதியில் நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றைத் தேடல் வடிவத்தில் நீக்கிவிட்டால் இது தீரும். தமிழ்ச் சொற்கள் இயல்பாக வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால் விதி பாதுகாப்பானது. பேஸ்புக், குரூப் போன்ற கடன்சொற்கள் வெட்டுப்பட்டாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்படும். ‘கப்’ போன்ற சின்னச் சொற்கள் மட்டும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுவதால், மூன்றெழுத்துக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுவது நல்லது.

அக்குறணையை அக்குரணை என்றும் எழுதுகிறார்கள். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண ஆகியவற்றை ஒன்றாக்கிவிட்டால் இத்தகைய பெயர்கள் பொருந்தும், விலை பெரிது. மலையும் மழையும் ஒன்றாகிவிடும். மலைநாட்டுச் செய்திகளில் இந்த இரண்டு சொற்களுமே ஓயாமல் வருபவை. ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது வந்து குவியும். எனவே இந்த ஒன்றாக்கம் முதல் தேடல் வடிவத்தில் இடம்பெறக் கூடாது. இரண்டாவது வடிவமாகத் தனியே வைத்து, முதல் வடிவத்தில் எதுவும் கிடைக்காதபோது மட்டும், அல்லது பட்டியலின் கீழ்ப்பகுதியில் மட்டும் அதன் முடிவுகளைக் காட்டலாம்.

சிங்களப் பெயர்களின் தமிழ் வடிவங்களை எந்த எழுத்து விதியும் முழுமையாக இணைக்காது. பேராதனையும் பேராதெனியவும், திகனையும் திகனவும், வத்துகாமமும் வத்தேகமவும் ஒரே ஊர்கள். திகன-திகனை போன்ற இணைகளைப் பார்த்து, இறுதி அகரத்தை ஐகாரமாக்கும் விதியை எழுதத் தோன்றும். அது வத்துகாமத்தைச் சேர்க்காது, ஊர்ப்பெயர் அல்லாத எத்தனையோ சொற்களையும் கெடுக்கும். இங்கே செய்யக்கூடியது, ஒவ்வோர் ஊருக்கும் அதன் எல்லா எழுத்து வடிவங்களையும் கொண்ட பெயர்ப்பட்டியல்தான். கண்டி மாவட்டத்துக்குள் அது கையால் தொகுக்கக்கூடிய அளவு. ஊர்க்காரர் ஒருவர் சரிபார்த்தால் இன்னும் நல்லது.

இயல்பாக்கம் சரியாக நடந்ததா என்று அறிய நம்பகமான வழி, ஒரே தேடல் வடிவத்தில் வந்து சேர்ந்த மூலச் சொற்களைக் குழுக்களாக எடுத்து வாசிப்பது. ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் உள்ள குழுக்களை மட்டும் பார்த்தால் போதும். ஒரே குழுவில் பொருள் வேறான சொற்கள் இருந்தால் ஏதோ ஒரு விதி எல்லை மீறியிருக்கிறது. இந்தச் சோதனையிலும் கண்டி ஒரு சிக்கலை விட்டுவைக்கும். ஊரின் பெயரும் கண்டித்தல் என்ற வினையின் பகுதியும் எண்ணுக்கு எண் ஒன்றே. முன்னொட்டுத் தேடலில் ‘கண்டி’ என்று தட்டினால் கண்டித்தார், கண்டிப்பாக எல்லாம் சேர்ந்தே வரும். இவற்றைப் பிரிப்பது இயல்பாக்கத்தின் வேலை அன்று. சொல்லின் வேற்றுமை உருபையும் சூழலையும் பார்க்கும் சொற்பகுப்பியின் வேலை.